ஒரு கலத்தின் வீதம், ஒரு நிரலின் கணக்கு

திருக்கடலூர்க் கரையில் மீன் வாங்கி விற்கும் வாடியொன்றின் அன்றாடக் கணக்கை எக்செல் விரிதாளில் எழுதுவதாகக் கொள்வோம். A நிரலில் படகின் பெயரும், B நிரலில் அந்தப் படகின் மீன் விலைபோன தொகையும், C நிரலில் வாடிக்குரிய கழிவும், D நிரலில் படகுக்காரருக்குக் கொடுக்கவேண்டிய மீதியும் இருக்கின்றன. கழிவு வீதம் எல்லாப் படகுக்கும் ஒன்றுதான். அது 6% என்று F1 கலத்தில் ஒரேயொரு தடவை எழுதப்பட்டுள்ளது.

முதற் படகு B2 கலத்தில் 48,000 ரூபா. அதற்கான கழிவைக் காண C2 கலத்தில் இப்படி எழுதுகிறோம்:

```
=B2*F1
```

2,880 என்ற சரியான விடை வருகிறது. D2 கலத்தில் `=B2-C2` என்று எழுதிவிட்டு, இரண்டு கலங்களையும் தெரிவுசெய்து, வலது கீழ் மூலையிலுள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுக்கிறோம். இரண்டாம் படகின் தொகை 31,500 ரூபா; அதன் கழிவு 1,890 என்று வரவேண்டிய இடத்தில் 0 வருகிறது.

F1 என்று நாம் எழுதினாலும், பிரதிசெய்யும்போது விரிதாள் அதை ஒரு தூரமாகவே எடுத்துக்கொள்கிறது என்பதே இதற்குக் காரணம். C2 கலத்தில் நின்று பார்த்தால் F1 என்பது மூன்று நிரல் வலப்பக்கம், ஒரு நிரை மேலே. அதே தூரத்தை C3 கலத்திலிருந்து அளந்தால் F2 கலத்துக்குப் போய்ச் சேருகிறோம். அது வெறுமையாக இருப்பதால் பெருக்கம் பூச்சியமாகிறது. வழிகேட்பவரிடம் கதவிலக்கத்தைச் சொல்லாமல் "இங்கிருந்து மூன்றாவது வீடு" என்று சொல்வதைப் போன்றது இது: கேட்பவர் நிற்கும் இடம் மாறினால் வீடும் மாறிவிடும். B2 என்பதும் இப்படியே B3 ஆக மாறியது. ஆனால் அந்த மாற்றம் நமக்குத் தேவையானது. ஆகவே இந்தச் சூத்திரத்தில் ஒரு முகவரி நகரவேண்டும், மற்றது நிற்கவேண்டும். நிற்கவேண்டியதை டொலர் குறியால் காட்டுகிறோம்:

```
=B2*$F$1
```

எழுத்தின் முன்னாலுள்ள குறி நிரலையும், எண்ணின் முன்னாலுள்ள குறி நிரையையும் நிலைப்படுத்துகின்றன. சூத்திரத்தில் F1 மீது சுட்டியை வைத்து F4 விசையை அழுத்தினால் இரண்டு குறிகளும் சேர்ந்துவிடும். சில மடிக்கணினிகளில் Fn விசையையும் சேர்த்து அழுத்தவேண்டும். கீழ்நோக்கி மட்டும் இழுப்பதானால் F$1 என்பதே போதும் என்றாலும், சூத்திரத்தைப் பின்னர் வேறொரு நிரலுக்குப் பிரதிசெய்ய நேரலாம் என்பதால் இரண்டையும் இடுவதே நல்லது. இந்தக் குறி கலத்தைப் பூட்டுவதில்லை; F1 கலத்தின் எண்ணை யாரும் எப்போதும் மாற்றலாம். பிரதிசெய்யும்போது முகவரி நகராமல் இருப்பது மட்டுமே அதன் வேலை. 1979இல் வெளிவந்த விசிகல்க் என்ற விரிதாளில், பிரதிசெய்யும் வேளையில் ஒவ்வொரு முகவரியும் நகரவேண்டுமா நிற்கவேண்டுமா என்று மென்பொருளே கேட்கும். இன்று அந்த விடையைச் சூத்திரத்திலேயே எழுதிவைக்கிறோம்.

இனி 48,000, 31,500, 72,000 ஆகிய தொகைகளுக்குக் கழிவு 2,880, 1,890, 4,320 என்று வரும். மொத்தம் 9,090 ரூபா. F1 கலத்தில் 7% என்று மாற்றிய கணத்திலேயே மூன்றும் மாறி, மொத்தம் 10,605 ஆகிவிடும்.

டொலர் குறி விடுபட்ட நிரை எப்போதும் பூச்சியத்தைக் காட்டி நம்மை எச்சரிக்கும் என்றும் எண்ணிவிடக்கூடாது. F2 கலத்தில் ஏதேனும் சொல் இருந்தால் `#VALUE!` என்று வரும். அங்கே திகதி இருந்தால், எக்செல் திகதியையும் ஓர் எண்ணாகவே வைத்திருப்பதால், கழிவு நூறு கோடியைத் தாண்டிவிடும். இவை உடனே கண்ணில் படும். அங்கே வேறொரு வீதம் எழுதப்பட்டிருந்தால்தான் ஆபத்து. விடை நம்பக்கூடியதாகத் தோன்றும், ஆனால் பிழையாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க F1 கலத்தில் சற்று நேரம் 100% என்று இட்டுப் பாருங்கள். கழிவு முழுத்தொகையாகிவிடுவதால் D நிரல் முழுவதும் பூச்சியமாகவேண்டும். எந்த நிரையில் மீதி தெரிகிறதோ, அந்த நிரை F1 கலத்தோடு இணைக்கப்படவில்லை. பார்த்து முடிந்ததும் பழைய வீதத்தைத் திரும்ப இட மறக்கக்கூடாது.

மாதத்தின் நடுவில் கழிவு வீதம் உண்மையிலேயே மாறினால் இந்த முறை அப்படியே பொருந்தாது. F1 கலத்தைத் திருத்தினால், ஏற்கெனவே பணம் கொடுத்து முடித்த படகுகளின் நிரைகளும் சேர்ந்தே மாறி, விரிதாளில் தெரியும் மீதிக்கும் கையில் கொடுத்த பணத்துக்கும் பொருத்தமில்லாமல் போய்விடும். அப்போது F1 கலத்தைத் தொடாமல் விட்டு, புதிய வீதத்தை F2 கலத்தில் எழுதி, அன்றைய நிரையிலிருந்து சூத்திரத்தை `$F$2` என்று தொடங்கிக் கீழே இழுக்கவேண்டும்.