அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டீர்களா?

மேலூர்ப் பக்கம் கணவனை இழந்த ஒரு பெண், அண்ணன் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு, மருந்துச் செலவு எல்லாம் அண்ணன் கையில். அப்பா நிலத்தில் 10 லட்சம் பெறும் தன் பங்கை 50,000 ரூபாய்க்கு விடுதலை எழுதித் தருகிறார். அடி உதை எதுவும் இல்லை. "எழுதித் தரலைன்னா வேற இடம் பாத்துக்க" என்ற பேச்சு மட்டும்தான்.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதைத் தகாத செல்வாக்கு என்கிறது. ஆனால் உறவு என்பதாலேயே வழக்கு ஜெயிக்காது. இங்கேதான் பலர் தோற்கிறார்கள். அண்ணன் உங்களை ஆட்டிவைக்கும் இடத்தில் இருந்தார், அதை வைத்து நியாயமில்லாத லாபம் அடைந்தார் என்ற இரண்டையும் காட்ட வேண்டும். முதலாவதைக் காட்டி, பேரமும் பார்த்தவுடனே அநியாயமாகத் தெரிந்தால், செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று நிரூபிக்கும் சுமை அண்ணன் தலையில் விழும். 10 லட்சத்துக்கு 50,000 என்ற கணக்கு உதவுவது அங்கேதான்.

போலீஸில் "சிவில் மேட்டர்" என்பார்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு தாசில்தாருக்குப் போய், "கோர்ட்டைப் பாருங்கள்" என்ற பதிலோடு திரும்பும். சார்பதிவாளருக்குச் செல்வாக்கை விசாரிக்கும் அதிகாரமே இல்லை. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பல மாத அலைச்சல் மிச்சம். கோர்ட் ரத்து செய்யும்வரை பத்திரம் செல்லும். வழக்குப் போட 3 வருடம்தான். கையெழுத்திட்ட நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. அதற்குள் விவரம் தெரியாத ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கிவிட்டால் நிலத்தை மீட்பது மிகக் கடினம். அதனால் பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் உடனே எடுங்கள். பட்டா மாற்றத்துக்குத் தாசில்தாரிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். வழக்குப் போட்டதும் விற்பனைக்குத் தடை கேளுங்கள்.

வழக்கு மனுவில் "மிரட்டி வாங்கினார்" என்று ஒரு வரி எழுதினால் நிற்காது. எந்தத் தேதி, எந்த இடம், யார் என்ன சொன்னார், பத்திரம் எழுதியவருக்குக் கூலி கொடுத்தது யார், உங்களுக்குப் படித்துக் காட்டினார்களா, வேறு யாரிடமாவது யோசனை கேட்க விட்டார்களா என்று ஒவ்வொன்றும் வர வேண்டும். மருந்துச் சீட்டு, அண்ணன் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு எல்லாம் நீங்கள் அவரை நம்பிப் பிழைத்ததற்குச் சாட்சி.

அந்த 50,000 ரூபாயைத் திருப்பித் தரத் தயார் என்று வக்கீல் நோட்டீஸிலேயே எழுதுங்கள். மீதிப் பணம் என்று எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள். வாங்கினால் பத்திரத்தை நீங்களே ஒப்புக்கொண்டதாக வாதாடுவார்கள்.

கோர்ட் கட்டணம் சொத்து மதிப்பைப் பொறுத்தது. பயந்து நின்றுவிட வேண்டாம். மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீலும் கட்டண உதவியும் கேட்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கொண்டு வா என்று திருப்பி அனுப்பினால், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவைச் சொல்லி மனுவை வாங்கச் சொல்லுங்கள்.