படுத்துக்கொண்டு பார்த்தால் டிவி ஏன் வெளுக்கிறது?

போன மாதம் கோவையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். படுக்கையறைச் சுவரில் 43 இஞ்ச் டிவி. "இருட்டு சீனெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி தெரியுது தம்பி. முன்னாடி வந்து பார்த்தவர் பேனல் போயிடுச்சு, மாத்தணும்னு சொல்லிட்டார்" என்றார் அந்த அம்மா. எதிரே நின்று பார்த்தேன், படம் பளிச்சென்று இருந்தது. "எங்கே இருந்து பார்ப்பீங்கம்மா?" என்று கேட்டேன். கட்டிலைக் காட்டினார். தலையணை உயரத்துக்குக் குனிந்து பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கறுப்பு சாம்பலாகி, முகங்கள் வெளிறிக் கிடந்தன.

பேனலில் ஒரு குறையும் இல்லை. டிவி மாட்டியிருந்த விதம்தான் பிரச்சினை.

எல்.இ.டி. டிவி என்று நாம் சொல்வதில் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகம் அந்த ஒளியைத் தேவைக்கேற்ப மறைத்துப் படம் காட்டுகிறது. நம் வீடுகளில் நிறைய இருப்பது வி.ஏ. வகை பேனல். நேராகப் பார்த்தால் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் கொஞ்சம் விலகினாலே ஒளி கசிந்து வெளுக்கத் தொடங்கும். ஐ.பி.எஸ். பேனல் சாய்வைத் தாங்கும், ஆனால் அதன் கறுப்பு நேராகப் பார்த்தாலும் அவ்வளவு அடர்த்தியாக இருக்காது. ஓ.எல்.இ.டி.யில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

உங்கள் டிவிக்கு இதுதான் காரணமா என்று நீங்களே பார்க்கலாம். ஒரு இரவுக் காட்சியை நிறுத்திவைத்துப் படுத்துப் பாருங்கள். அப்புறம் மெதுவாக எழுந்து, கண் திரையின் நடுமட்டத்துக்கு வரும்படி நில்லுங்கள். எழ எழ கறுப்பு அடர்த்தியானால் கோணம்தான் காரணம். எப்படிப் பார்த்தாலும் வெளுப்பு அப்படியே இருந்தால் செட்டிங்கையோ பேனலையோ சந்தேகப்படலாம்.

அந்த வீட்டில் அளந்தேன். கீழே டிரெஸ்ஸிங் டேபிள் இருந்ததால் டிவியை மேலே ஏற்றியிருந்தார்கள். திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தேகால் அடி. இரண்டு தலையணை வைத்துப் படுத்தால் கண் இரண்டே முக்கால் அடி. வித்தியாசம் இரண்டரை அடி, தூரம் 8 அடி. 8 அடி தூரத்தில் ஒவ்வொரு அடி உயர வித்தியாசத்துக்கும் சுமார் 7 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 17 டிகிரி சாய்வில் அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். படுத்துப் பார்ப்பவருக்குத் திரை கொஞ்சம் மேலே இருப்பது கழுத்துக்கு நல்லதுதான். திரை அவரை நோக்கிக் குனிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

அங்கே இருந்தது சுவரோடு ஒட்டிய ஃபிக்ஸட் பிராக்கெட். அதைக் கழற்றி, டிவியைக் கீழ்நோக்கிக் குனியவைக்கும் டில்ட் பிராக்கெட் மாட்டினோம். பெட்டியில் 15 டிகிரி என்று போட்டிருந்தாலும் அது முழுதாகக் கிடைப்பதில்லை. 43 இஞ்ச் திரையின் உயரம் சுமார் 53 செ.மீ. நடுவில் திரும்பும் பிராக்கெட்டில் 15 டிகிரி குனிந்தால் அடிப்பாகம் 7 செ.மீ. சுவர்ப்பக்கம் போகும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் டிவி சுவரில் முட்டும், அடியில் இருக்கும் கேபிளும் நசுங்கும். எங்களுக்குக் கிடைத்தது 10 டிகிரி. மீதி 7 டிகிரி கண்ணுக்கே தெரியவில்லை.

சாய்வு சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. டிவியை அணைத்து, அறையை இருட்டாக்கி, படுத்தபடி செல்போன் டார்ச்சைக் கண்ணருகே பிடித்துத் திரையைப் பாருங்கள். வெளிச்சத்தின் பிரதிபலிப்பு திரையின் நடுவில் விழுந்தால் திரை உங்களுக்கு நேராக இருக்கிறது. அது திரையின் கீழ்ப்பகுதியில் விழுந்தாலோ காணாமல் போனாலோ இன்னும் குனிய வேண்டும். எங்களைப் போலச் சுவர் இடைவெளி போதாவிட்டால் முடிந்தவரை குனிந்தாலே போதும்.

பிராக்கெட் மாற்றாமல், டிவிக்கு மேல்புறம் அட்டையையோ தெர்மாகோலையோ செருகிச் சாய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிவியின் பின்னால் உள்ள கொக்கி பிராக்கெட்டின் கம்பியிலிருந்து விலகி டிவி கட்டில்மேலேயே விழலாம்.

செட்டிங்கைத் தொடுவது இதற்குப் பிறகுதான். பலர் முதலில் செய்கிற தவறு, வெளுப்பைப் போக்க `Brightness`-ஐக் குறைப்பது. பல டிவிகளில் அது விளக்கின் வெளிச்சம் அல்ல, கறுப்பின் அளவு. குறைத்தால் இருட்டில் இருக்கும் தலைமுடி, சேலை மடிப்பு எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். அந்த வீட்டிலும் அப்படித்தான் யாரோ குறைத்திருந்தார்கள். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, `Backlight`-ஐ மட்டும் ராத்திரிக்கு ஏற்றபடி இறக்கினேன். இருட்டறையில் விளக்கு குறைந்தால் கசிகிற ஒளியும் குறையும். `Gamma` இருந்தால் 2.2-லிருந்து 2.4-க்கு மாற்றலாம், நடுத்தர நிறங்கள் கொஞ்சம் அடர்ந்து வரும். `Dynamic Contrast`-ஐ அணைத்துவிடுங்கள். இவற்றை ஒரே பிக்சர் மோடில் வைத்துக்கொண்டால் பகலில் வேறு மோடுக்கு மாறுவது சுலபம்.

ஹாலில் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்ப்பவர்களுக்கு டில்ட் உதவாது. அங்கே இடமும் வலமும் திரும்பும் கை வைத்த பிராக்கெட் வேண்டும். இருவர் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒருவருக்கு வெளுக்கும். வி.ஏ. பேனலில் அதற்கு செட்டிங் கிடையாது, சோபாவைத்தான் நகர்த்த வேண்டும்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மாவுக்கு போன் செய்து, டார்ச் வைத்துத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். டில்ட் பிராக்கெட்டின் திருகு இளகியிருந்தால் டிவி கனத்தில் தானாகவே இன்னும் குனிந்திருக்கும். அப்படிக் குனிந்திருந்தால் வெளிச்சம் திரைக்குள் மேலேறி வந்திருக்கும். மாட்டிய அன்று போலவே திரைக்குள் வரவில்லை என்றார்.