படுத்தாலும் உள்ளே போகாத வீக்கம்

சில வருடங்களுக்கு முன், மழை விடாத ஒரு விடியற்காலையில், மேல் டிவிசனிலிருந்து லொறியில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வயது 58. தோட்டத்தில் 50 கிலோ உரமூட்டை சுமந்து பழகிய உடம்பு. "வயிற்றுவலி, வாந்தி" என்று துண்டில் எழுதியிருந்தது. கம்பளியை விலக்கிச் சாரத்தைத் தளர்த்திப் பார்த்தால், வலது தொடை இடுக்கில் கோழிமுட்டை அளவில் ஒரு வீக்கம். கல்போல இறுகிக் கிடந்தது. இருமச் சொன்னேன், அசையவில்லை.

"இது எப்ப இருந்துங்க ஐயா?"

"மூணு வருஷமா இருக்குங்க டொக்டர். மூட்டை தூக்குனா வரும், படுத்தா போயிரும். நேத்துதான் போகல."

அவருக்கு வந்தது குடலிறக்கம், அதாவது ஹேர்னியா. ஆண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது விதைகள் வயிற்றிலிருந்து கீழிறங்கும். அவை இறங்கும் வழி அடிவயிற்றுச் சுவரில் காலம் முழுக்க ஒரு பலவீனமான இடமாகவே இருந்துவிடுகிறது. இருமும்போதும், முக்கும்போதும், பாரம் தூக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, கொழுப்போ குடலோ அந்த வழியாகப் பிதுங்குகிறது. படுத்தால் அழுத்தம் குறைந்து திரும்பிப் போகிறது. அப்படிப் போய்வரும்வரை அவசரமில்லை. ஆனால் மாத்திரையோ எண்ணெயோ இடுப்புப் பட்டியோ அந்த ஓட்டையை அடைக்காது.

பிதுங்கிய குடல் ஓட்டையின் விளிம்பில் இறுகிக்கொண்டால்தான் ஆபத்து. முதலில் இரத்தம் வெளியேறும் நாளங்கள் நசுங்கும். உள்ளே வந்த இரத்தம் திரும்ப முடியாமல் குடல் வீங்கும். வீங்க வீங்க இறுக்கம் கூடும். கடைசியில் உள்ளே வரும் இரத்தமும் நின்று குடல் அழுகத் தொடங்கும். இதற்குச் சில மணித்தியாலங்களே போதும்.

அவருடைய அந்த இரவைப் பாருங்கள். மாலை 5 மணிக்கு மூட்டையை இறக்கும்போது வீக்கம் வந்திருக்கிறது. படுத்து, கையால் அழுத்திப் பார்த்திருக்கிறார், போகவில்லை. மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறார். 9 மணிக்கு வாந்தி. வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணீர். வயிறு உப்பியது, காற்றுகூடப் பிரியவில்லை. விடியுமுன் 2 மணியளவில் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. "விட்டிருச்சு" என்று நம்பி வீட்டார் கண்ணயர்ந்தார்கள். வீக்கம் உள்ளே போகாமல் வலி மட்டும் குறைந்தால் அது சுகமாகும் அறிகுறி இல்லை. குடல் செத்துக்கொண்டிருக்கும்போதும் வலி அப்படித் தணியலாம்.

சத்திரசிகிச்சையில் ஒரு சாண் நீளச் சிறுகுடல் கறுத்திருந்தது. அதை வெட்டி எடுத்து இரு முனைகளையும் தைத்தோம். 11 நாட்கள் வார்ட்டில் கிடந்தார். முன்னிரவிலேயே வந்திருந்தால், இறுக்கத்தைத் தளர்த்தியதும் குடல் மறுபடி சிவந்திருக்கக் கூடும், வெட்டவே தேவைப்பட்டிருக்காது.

ஆகவே, வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போகாமல் வலித்தாலோ, இறுகினாலோ, மேல்தோல் சிவந்தாலோ, வாந்தியோ வயிற்று உப்பலோ சேர்ந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் கட்டணமில்லை. லயத்துக்கு வண்டி ஏறாது என்றால், பெரிய ரோட்டுக்கு எப்படியாவது இறக்கிக் கொண்டுவாருங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள், மயக்கமருந்து கொடுக்க வெறும் வயிறு வேண்டும். ஒத்தடம், உருவுதல், பேதி மருந்து எதுவும் கூடாது. பலமாக அழுத்தித் தள்ளவே கூடாது. கெட்டுப்போன குடல் உள்ளே போய்விட்டால் வெளியே எதுவும் தெரியாது, விஷம் வயிற்றுக்குள் பரவும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இடுக்கு மடிப்புக்குக் கொஞ்சம் கீழே, தொடையின் உட்பக்கத் தொடக்கத்தில், சின்னப் பாக்கு அளவில் இது வரலாம். வழி மிகக் குறுகியது, அதனால் இறுகும் வாய்ப்பு அதிகம். கொழுந்து எடுத்து ஓய்ந்த அம்மாமார் வெட்கப்பட்டு மகளிடம்கூடச் சொல்வதில்லை. வாந்தி என்று வந்தால் நாங்களாகக் கேட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது. கைக்குழந்தை அழும்போது இடுக்கில் வீக்கம் தெரிந்தாலும் நாட்களைக் கடத்தாமல் காட்டுங்கள்.

இறுகுவதற்கு முன்பே செய்தால் இது சிறிய சத்திரசிகிச்சை. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, அந்த இடத்தை வலைத்துண்டால் பலப்படுத்துவோம். பலர் மறுநாளே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அரச வைத்தியசாலையில் இலவசம். நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், சிறுநீர் சிரமம் இருந்தால் முதலில் அதைக் கவனிப்போம், இல்லாவிட்டால் தைத்த இடம் மறுபடி விட்டுப்போகலாம். நாலு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. அங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள், வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாதே என்று. அந்தக் கணக்கு எனக்கும் புரிகிறது. கொழுந்து குறையும் மாதமாகப் பார்த்து நாள் கேளுங்கள், முடிந்தவரை ஒத்துப் போகிறோம். இறுகிய பிறகு வந்தால் நாளைத் தெரிவுசெய்ய நமக்கு வழியில்லை.

வைத்தியசாலை வாசலில் "வயிற்றுவலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இடுக்கில் வீக்கம் இருந்தது, நேற்று மாலை 5 மணியிலிருந்து உள்ளே போகவில்லை" என்று நேரத்தோடு சொல்லுங்கள்.