சுவரில் தொங்கும் தரக் கொள்கை

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறைக்கு உள்தணிக்கைக்குப் போயிருந்தேன். வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தரக் கொள்கை. ஒரு பக்கம் முழுக்க "உலகத் தரம்", "முழுமையான வாடிக்கையாளர் மகிழ்ச்சி" என்று ஓடியது. கீழே கையெழுத்து போட்டிருந்த எம்.டி. பொறுப்பை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. புதியவர் அதை ஒருமுறைகூடப் படித்ததில்லை.

லேத் ஆபரேட்டர் ஒருவரிடம் கொள்கை என்ன என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அவர்மேல் தப்பில்லை. தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலை யாரையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. கொள்கை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், புரிந்து வேலையில் பயன்பட வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஒரு பக்க வசனம் யாருக்குப் புரியும்?

புதிய எம்.டி.யோடு உட்கார்ந்து மூன்று வரியில் எழுதினோம்:

"வரைபடத்தில் உள்ள அளவில், சொன்ன தேதியில் பம்ப் பாகங்களைத் தருவோம். வாடிக்கையாளரும் சட்டமும் கேட்பதை நிறைவேற்றுவோம். திரும்பி வரும் ஒவ்வொரு பாகத்துக்கும் காரணம் கண்டு, எங்கள் தர மேலாண்மை முறையைத் தொடர்ந்து மேம்படுத்துவோம்."

முதலில் அவர் இதையும் சுருக்கி "தரமே எங்கள் உயிர்" என்று வைக்கலாமா என்று கேட்டார். கூடாது. பொருந்தும் தேவைகளை நிறைவேற்றுவோம், முறையைத் தொடர்ந்து மேம்படுத்துவோம் என்ற இரண்டு உறுதிமொழியும் கொள்கையில் கட்டாயம். 5.2 பிரிவு அதைக் கேட்கிறது. அவை இல்லாவிட்டால் ஆடிட்டர் குறையாக எழுதுவார். கையெழுத்து வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் தலைமை இதை ஏற்றது என்பதற்கு, இன்றைய எம்.டி.யின் கையெழுத்தும் தேதியும் எளிய சான்று.

இப்போது சோதனைக்கு வருவோம். "சொன்ன தேதியில்" என்ற சொல்லைப் பிடித்து ஆடிட்டர் கேட்பார்: இதற்கு உங்கள் இலக்கு என்ன? அங்கே நூறு அனுப்புதலில் 95 சரியான தேதியில் போக வேண்டும் என்று வைத்தோம். அப்புறம் மூன்று மாத டிஸ்பேட்ச் பதிவேட்டை எடுத்து, ஆர்டரில் உள்ள தேதியோடு அவரே ஒப்பிடுவார். "திரும்பி வரும்" என்றால் புகார்ப் பதிவேடு. அதில் காரணம் எழுதாமல் மூடிய ஒரு வரி இருந்தாலும் கண்ணில் படும். பின்னால் ஒரு பதிவேடோ இலக்கோ இல்லாத சொல்லை நான் கொள்கையிலிருந்தே எடுக்கச் சொல்லிவிடுவேன். "உலகத் தரம்" அப்படித்தான் போனது.

அடுத்த தணிக்கையில் அதே ஆபரேட்டரிடம், கொள்கையில் உங்கள் வேலை எங்கே வருகிறது என்று கேட்டேன். அட்டையை எடுக்கவில்லை. "வரைபடத்துல உள்ள அளவுன்னு இருக்குல்ல சார், அதான். முதல் பீஸை அளந்து கையெழுத்து வாங்காம அடுத்ததை ஓட்ட மாட்டேன்" என்று சொல்லி, அன்றைய சோதனைத் தாளைக் காட்டினார்.