காலைப் படத்தில் ஊதிய முகம், மாலைப் படத்தில் மெலிந்த முகம்

ஹட்டன் பக்கம் ஒரு சிறிய கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் "மூஞ்சி வீங்குது டொக்டர்" என்று சொல்லி முகத்தைக் காட்டுவார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. தோட்டத்திலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, என் முன்னால் வந்து உட்காரும்போது பத்து, பதினொரு மணியாகிவிடும். காலையில் இருந்த வீக்கம் அதற்குள் பாதிக்கு மேல் வடிந்திருக்கும். ஆகவே படம்தான் சாட்சி. அந்தச் சாட்சியை எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை இரத்தம் நெஞ்சுப் பகுதியிலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. நாள் முழுக்க நின்றால் கால் நாளங்களில் அழுத்தம் ஏறி, நீர் மெல்லக் கசிந்து கணுக்காலைச் சுற்றித் தேங்கும். சரிவில் நின்று கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரவில் படுத்ததும் காலும் தலையும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. காலில் நின்ற நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. அதில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடும், ஒரு சிறு பங்கு முகத்துத் திசுக்களில் தங்கும். முகத்திலும் இமைகளில்தான் அது முதலில் தெரியும். அங்கே தோலின் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவுதான். அதற்குக் கீழே உள்ள திசுவும் தளர்வானது. கன்னத்தில் கண்டே பிடிக்க முடியாத அளவு நீர் இமையில் சேர்ந்தால் ஆளே மாறினதுபோல் ஆகிவிடும். எழுந்து நடமாடத் தொடங்கினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் வடிந்துவிடும். ஒருக்களித்துப் படுத்தவருக்குப் படுத்த பக்கம் கூடுதலாக ஊதியிருப்பதும் இதனால்தான்.

இதோடு உப்பும் சேர்கிறது. நம் உடம்பில் செல்களுக்கு வெளியே இருக்கும் நீரில், லீற்றருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு என்ற கணக்கை உடம்பு கட்டிக் காக்கிறது. இரவுச் சாப்பாட்டில் வழக்கத்தை விட 4, 5 கிராம் உப்பு கூடினால், சிறுநீரகம் அதை வெளியேற்றி முடிக்கும்வரை அரை லீற்றர் நீரைக் கூடவே பிடித்து வைக்க வேண்டியிருக்கும். அது ஒரே இரவில் முடிகிற வேலையும் இல்லை. கருவாட்டுக் குழம்பும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுப் படுத்தால் இந்த அளவை எட்டுவது சிரமமில்லை. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த அரை லீற்றர் உடம்பு முழுக்கப் பரவியிருக்கும். முகத்துக்கு வருவது கொஞ்சம்தான். ஆனாலும் அந்தக் கொஞ்சம் இமையில் போய்த் தெரியும்.

(கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் "உயரத்தால் முகம் வீங்குது" என்பார்கள். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். உயரத்தால் வரும் வீக்கம் பொதுவாக அதைவிட மேலே போனால்தான் பேச்சு. முதல் நாள் இரவு ஹோட்டலில் என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் நான் கேட்பேன்.)

இனி படத்துக்கு வருவோம். டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் இளம் பெண் ஒருத்தி வந்தாள். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். "காலையில எடுத்த போட்டோவுல நான் வேற ஆள் மாதிரி இருக்கேன் டொக்டர். கிட்னியில ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டு இரண்டு படங்களைக் காட்டினாள். ஒன்று காலை ஆறரைக்கு எடுத்தது, மற்றது மத்தியானம் கடையில் எடுத்தது. பார்த்தவுடன் எவரும் பயப்படத்தான் செய்வார்கள். முதல் படத்தில் கன்னமும் தாடையும் தடித்திருந்தன. இரண்டாவதில் கன்ன எலும்பு எடுப்பாகத் தெரிந்தது.

காலைப் படம் கட்டிலில் சாய்ந்தபடி எடுத்த செல்பி. போன் நாடிக்குக் கீழே, ஓர் அடித் தூரத்தில் இருந்திருக்கிறது. கமெராவுக்கு எது கிட்ட இருக்கிறதோ அது பெரிதாகும். ஒன்றரை மீற்றரில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 30 சென்ரிமீற்றரில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடித் தெரியலாம். கீழிருந்து எடுத்தால் அதே கதி தாடைக்கும் நாடிக்கும் வரும். அடுத்தது வெளிச்சம். பனிமூட்டமான காலையில் யன்னல் வழியே வரும் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விழும், நிழலே இராது. கன்ன எலும்புக்குக் கீழே நிழல் விழுந்தால்தான் முகம் மெலிவாகத் தெரியும். மத்தியானப் படத்தை ஒன்றரை, இரண்டு மீற்றர் தள்ளி நின்று கூட வேலை செய்யும் பிள்ளை எடுத்திருக்கிறாள். பக்கத்திலிருந்து வெளிச்சம், முகத்தில் சிரிப்பு. போதாததற்கு போனின் 'பியூட்டி' வசதியும் போட்டபடியே இருந்திருக்கிறது. அது தோலை மழுப்புவதோடு நிற்காமல் சில போன்களில் தாடையையும் ஒடுக்கிவிடும். இந்த இரண்டு படங்களுக்கும் இடையில் மாறியது முகமா, கமெராவா என்று அவற்றை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

அதனால் வேறு விதமாக எடுத்து வரச் சொன்னேன். போனை அலுமாரித் தட்டில் கண் மட்டத்துக்குச் சாய்த்து வைக்க வேண்டும். பின் கமெராவில், டைமர் போட்டு, ஒன்றரை மீற்றர் தள்ளிச் சுவரோரம் நிற்க வேண்டும். நிற்கிற இடத்தை நிலத்தில் சோக்கால் குறித்துவிட்டால் நல்லது. யன்னல் திரையை மூடிவிட்டு ஒரே பல்பைப் போட வேண்டும், இல்லாவிட்டால் காலை வெளிச்சமும் மாலை வெளிச்சமும் கணக்கைக் குழப்பும். தலைமுடியைப் பின்னால் கட்டி, சிரிக்காமல், நேராகப் பார்க்க வேண்டும். சிரித்தால் கன்னம் மேலே ஏறி, கண்ணுக்குக் கீழே இல்லாத பையை உண்டாக்கும். எழுந்தவுடன் ஒன்று, இரண்டு மணித்தியாலம் கழித்து ஒன்று, மாலையில் ஒன்று. முந்தின இரவு என்ன சாப்பிட்டாள் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். எழுந்தவுடன் எடுக்கும் படத்தோடு கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது பெருவிரலால் பத்து விநாடி அழுத்திவிட்டு, அந்த இடத்தையும் ஒரு படம். மாலையில் அதையே திரும்பவும்.

படங்களை ஒப்பிடும்போது ஒரு வழி உதவும். இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே உள்ள தூரம் வளர்ந்தவர்களில் ஒரு நாளைக்குள் மாறாது, அதை எலும்பு தீர்மானிக்கிறது. இரண்டு படத்திலும் அந்தத் தூரம் சமமாக வரும்வரை ஒன்றைப் பெரிதாக்கி, பிறகு கன்னத்தின் அகலத்தைப் பார்க்க வேண்டும். காதுகள் இரண்டும் ஒரே அளவு தெரிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் தலை திரும்பியிருக்கிறது, அந்தப் படத்தைத் தள்ளிவிடலாம்.

அவள் கொண்டுவந்த புதிய படங்களில் கன்னத்தின் அகலம் காலையும் மாலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. தாடை தடித்த கதை முழுக்கக் கமெராவின் வேலை. மிஞ்சியது இமைதான். ஒரு காலையில் மேலிமையின் மடிப்பே தெரியவில்லை, இரண்டு மணித்தியாலத்தில் திரும்பத் தெளிந்துவிட்டது. முந்தின இரவுக்கான வரியில் நூடில்ஸும் கருவாட்டுப் பொரியலும் எழுதியிருந்தாள். காலில் அழுத்திய இடத்தில் குழி விழவில்லை. பிரஷர் சரியாக இருந்தது, யூரின் ரிப்போட்டில் புரதம் இல்லை. அவள் கேட்டது சிறுநீரகத்தைப் பற்றி. அதற்குப் பதில் சொன்னது அந்த ரிப்போட். படங்கள் சொன்னது இமையில் கொஞ்சம் நீர் வந்து போனது என்பதை மட்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "சாயந்திரம் வடிஞ்சிடுது, அப்ப ஒண்ணுமில்ல" என்று பலரும் முடிவு கட்டுகிறார்கள். சிறுநீரகத்தால் வரும் வீக்கமும் இதே புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டதுதான். அதுவும் காலையில் கண்ணைச் சுற்றி நிற்கும், மாலையில் முகத்தை விட்டு இறங்கும்.

ஆரம்பப் பள்ளிக்குப் போகும் ஒரு பையனுக்கு இப்படித்தான் ஆனது. காலையில் கண் திறக்கச் சிரமப்படுவான். லயத்து அடுப்புப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். புகையாலும் அலர்ஜியாலும் இமை வீங்குவது உண்மைதான், ஆனால் அதில் அரிப்பும் சிவப்பும் இருக்கும். இவனுக்கு இரண்டும் இல்லை. அம்மாவின் போனில் இருந்த மாலைப் படங்களில் முகம் சாதாரணமாகவே இருந்தது. அந்த நீர் எங்கே போயிருந்தது என்று கேட்டால், பாடசாலை விட்டு வந்ததும் சொக்ஸ் கழற்றிய இடத்தில் ஆழமாகத் தடம் பதிந்திருக்குமாம். காற்சட்டை வயிற்றில் இறுகத் தொடங்கியிருக்கிறது. சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகும் என்பதையும் கேட்ட பிறகுதான் அம்மா சொன்னார். சோதனைக் கீற்றைச் சிறுநீரில் நனைத்துப் பார்த்தேன், புரதம் ஏராளம். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடும் நெப்ரோடிக் நோய் என்று அங்கே உறுதியானது. பிள்ளைகளில் இது பெரும்பாலும் பிரெட்னிசொலோன் மாத்திரைக்கு, நான்கு வாரத்துக்குள் கட்டுப்படும். அவனுக்கும் கட்டுப்பட்டது.

சில வாரம் கழித்து அந்த அம்மா திரும்பவும் போனோடு வந்தார். "முகம் மறுபடி ஊதிருச்சு டொக்டர்." இந்த முறை காலைப் படமும் மாலைப் படமும் ஒரே மாதிரி உருண்டையாக இருந்தன, இமைகள் தெளிவாக இருந்தன. சிறுநீரில் புரதம் இல்லை. மாத்திரையால் கன்னத்தில் கொழுப்பு சேர்ந்திருந்தது. கொழுப்பு நீரைப்போல் காலுக்கு இறங்காது, அதனால் நேரத்துக்கு நேரம் மாறாது. மருந்தை டொக்டர்கள் குறைத்து நிறுத்திய பிறகு மெல்லக் கரையும். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களிலும் இதே உருண்டை முகத்தைப் பார்க்கிறேன்.

ஒரே நாளின் படங்கள் நீரின் போக்கைக் காட்டும். ஆண்டுக் கணக்கான மாற்றத்துக்குப் பழைய அடையாள அட்டைப் படம் போதும். தைரொயிட் சுரப்பு குறைந்தவர்களுக்கு முகம் மெல்ல மெல்லத் தடிக்கும், வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். அட்டையையும் ஆளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சில வேளை இரத்தப் பரிசோதனைக்கே எழுதுகிறேன்.

படம் எடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. தொண்டை நோவோ சொறி சிரங்கோ வந்து போன சில வாரங்களில் பிள்ளையின் முகம் ஊதி, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரி. ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணிக்குத் திடீரென முகம் வீங்கி, தலையிடியும் பார்வை மங்கலும் இருந்தால் அன்றே. உதடும் நாக்கும் வீங்கினால் அந்த நிமிடமே.

இந்த நிலைகளில் இல்லாதவர்கள், படத்தை எனக்குக் காட்டும்போது போனையே கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரம் அழிந்துவிடும். IMG என்று தொடங்கி WA என்று வரும் கோப்புப் பெயரில் உள்ள திகதி, படம் எடுத்த திகதி அல்ல, அந்தப் போனுக்கு அது வந்து சேர்ந்த திகதி. அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள், எத்தனை மணிக்கு எடுத்தது என்பது அதோடு கூடவே வரும்.