பற்று: சொல் விளக்கம்

கணக்கீட்டில் ‘டிரோயிங்ஸ்’ எனப்படுவதற்கு இலங்கையில் வழங்கும் தமிழ்ச் சொல் பற்று. உரிமையாளர் தம் சொந்தத் தேவைக்காகத் தொழிலிலிருந்து எடுக்கும் பணத்தையோ பொருளையோ அது குறிக்கும். பிடித்தல், கைக்கொள்ளுதல் என்னும் வினையடியிலிருந்து வந்த சொல் இது. பணம் பெற்றதற்குத் தரும் ‘பற்றுச்சீட்டு’ என்பதிலும் கைக்கொள்ளுதல் என்ற பொருளே நிற்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘டிரோயிங்ஸ்’ என்பதை ‘எடுப்புகள்’ என்கின்றன. அங்கே ‘பற்று’ என்றால் ‘டெபிட்’ என்பதால், அந்நூல்களைப் புரட்டும் கொழும்பு வாசகர் தடுமாறக்கூடும்.

வெள்ளவத்தையில் தனியொருவராகச் சமையல் யூடியூப் சேனல் நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 2,10,000 ரூபாய். படப்பிடிப்புக்கான மீன், மரக்கறி, இணையக் கட்டணம், எடிட்டருக்கான கூலி எல்லாம் சேர்ந்து 40,000. வீட்டுச் செலவுக்கு அவர் 70,000 எடுக்கிறார். அந்த 70,000 ரூபாயைத் ‘என் சம்பளம்’ என்று செலவுப் பக்கத்தில் எழுதினால் இலாபம் 1,00,000, ஆண்டுக்கு 12 இலட்சம் என்று காட்டும். தனியுரிமைத் தொழிலில் உரிமையாளர் தமக்கே சம்பளம் கொடுத்துக்கொள்ள முடியாது என்பதால் அது பற்று. உண்மையான இலாபம் 1,70,000, ஆண்டுக்கு 20 இலட்சத்து 40 ஆயிரம். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் வரி நிவாரணம் 18 இலட்சமாக இருப்பதால், வேறு வருமானம் இல்லாவிட்டாலும் அவர் வரி எல்லையைத் தாண்டிவிட்டார். பிழையான கணக்கோ அவரை எல்லைக்கு உள்ளேயே வைத்திருக்கும்.

ஆகவே சேனலுக்கென ஒரு வங்கிக் கணக்கைத் தனியே வைத்து, வருமானம் முழுவதையும் அதில் வரவிட்டு, வீட்டுக்கான தொகையை மாதம் ஒருமுறை ‘பற்று’ என்று குறிப்பிட்டு மாற்றுவதே நல்லது. அந்தக் கணக்கின் அட்டையால் வீட்டுக்கு அரிசி வாங்கினால் அதுவும் பற்றுதான். படப்பிடிப்புக்கு இரண்டு கிலோ மீன் வாங்கி, ஒரு கிலோவை நேரே வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், அந்த ஒரு கிலோவின் விலையும் அப்படியே. (இதைத்தான் பெரும்பாலானோர் எழுதுவதில்லை.)

தொடக்கத்தில் இந்தக் கணக்கு சொந்தப் பெயரில் இருந்தாலும் போதும். ஆனால் முழுச் சொந்தப் பெயர் அல்லாத வேறொரு பெயரில் வியாபாரம் செய்பவர் அப்பெயரைப் பதிய வேண்டும் என்பது 1918ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம் முதலே உள்ள விதி. உள்ளூர் விளம்பரதாரர் சேனலின் பெயருக்குக் காசோலை எழுதும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது; சொந்தப் பெயரிலுள்ள கணக்கில் அதை வைப்பிலிட முடியாது. ஆகவே, அவ்வாறான முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே பிரதேச செயலகத்தில் பதிவை விசாரிப்பது உசிதம்.

பெயரைப் பதிவதால் மட்டும் சேனல் தனிச் சட்ட ஆளாகிவிடாது. இலாபமும் கடனும் உரிமையாளருடையவையே, பற்றும் பற்றாகவே இருக்கும். 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனியாக்கினால்தான் நிலை மாறும். அதன்பின் அவர் எடுக்கும் ஒவ்வொரு தொகையும் சம்பளமா, பங்கிலாபமா, கடனா என்று பெயர் பெற்றே வெளியேற வேண்டும்.