பெண்பால் சொல்லுக்கு முன்னால் "மோன்" எதற்கு?

பிரெஞ்சு படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் விதிகளில் ஒன்று இது: "என்" என்பதற்கு ஆண்பால் பெயரானால் மோன், பெண்பாலானால் மா. புத்தகம் ஆண்பால், எனவே மோன் லீவ்ர். மேசை பெண்பால், எனவே மா தாப்ல். "உன்" என்பதற்குத் தோன், தா. மூன்றாவது ஜோடி ஸோன், ஸா. இதில் தமிழருக்கு ஒரு தடுமாற்றம் வரும். நாம் "அவனுடைய", "அவளுடைய" என்று உடையவரைப் பார்த்துச் சொல்கிறோம். பிரெஞ்சு பார்ப்பது உடைமையை மட்டும்தான். ஸோன் லீவ்ர் என்றால் அவனுடைய புத்தகமாகவும் இருக்கலாம், அவளுடையதாகவும் இருக்கலாம்.

சரி, இதுவரை சிக்கல் இல்லை. அப்புறம் பள்ளிக்கூடம் வருகிறது. எகோல் என்பது பெண்பால் சொல். ஆனால் பிரெஞ்சுக்காரர் யாரும் "மா எகோல்" என்று சொல்ல மாட்டார். மோன் எகோல் என்பார். தோழியும் அப்படித்தான், மோன் அமி. பெண்பால் சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மோன் போட வேண்டும் என்று இலக்கணப் புத்தகம் ஒரு வரியில் முடித்துக்கொள்ளும். காரணம் தெரிந்தால் இந்த வரியை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

மா, எகோல் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஆ முடிந்த கையோடு எ வருகிறது, இடையில் மெய் இல்லை. இப்படி இரண்டு உயிர்கள் முட்டிக்கொள்வது தமிழுக்கும் ஆகாது. அ என்ற சுட்டும் ஊரும் சேரும்போது "அஊர்" என்று விடாமல் வகரத்தை நுழைத்து அவ்வூர் ஆக்கிவிடுகிறோம். பிரெஞ்சு புதிதாக ஒரு மெய்யை நுழைப்பதில்லை. ஆண்பாலுக்கென்று ஏற்கெனவே இருக்கும் மோன் என்ற வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. தனியாகவோ மெய்யெழுத்துக்கு முன்னாலோ வரும்போது அதன் கடைசி ன் ஒலிப்பதில்லை, ஓகாரம் மூக்கொலியாக வருவதோடு சரி. உயிர் வந்தால் அந்த ன் விழித்துக்கொண்டு அடுத்த சொல்லோடு ஒட்டும்: மோ-னெகோல், மோ-னமி. முட்டல் தீர்ந்தது.

ஆனால் இந்த ஏற்பாடு ஆதியிலிருந்தே இருந்ததல்ல. பழைய பிரெஞ்சில் வேறு வழி இருந்தது. மாவின் உயிரையே வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் ம் ஒலியை அடுத்த சொல்லோடு சேர்த்துவிடுவார்கள். மா அமி என்பது மாமி போல ஒலித்தது. (நம் மாமிக்கும் இதற்கும் உறவு கிடையாது.) "அந்தப் பள்ளிக்கூடம்" என்ற லா எகோல் இன்றும் லெகோல் ஆகிறதே, அதே உத்திதான். 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் மோன் பெண்பால் சொற்களுக்கு முன்னால் தலைகாட்டத் தொடங்கியது, 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. வெட்டிய பிறகு எஞ்சும் ஒற்றை மெய், "என்னை", "உன்னை" என்ற பொருளில் வினைக்கு முன்னால் வரும் குறுக்கத்தைப் போலவே இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். பழைய வடிவம் முழுதாகச் சாகவும் இல்லை. ஒலி மாமிதான் என்பதால், பின்னால் வந்தவர்கள் அதை "மா மி" என்று தவறாகப் பிரித்துப் படித்தார்கள். அப்படித்தான் காதலியைக் குறிக்கும் "மி" என்ற புதுச் சொல்லே பிறந்தது. கொஞ்சுவதைக் குறிக்கும் "மாமூர்" என்ற சொல்லும் "என் அன்பே" என்ற பழைய தொடர் ஒட்டிப்போனதால் வந்தது.

சுட்டுகளில் இதே சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. "இந்தப் பையன்" என்பதற்கு ஸ கார்ஸோன், "இந்தப் பெண்" என்பதற்கு ஸெத் ஃபீய். ஆண்பால் சொல் உயிரில் தொடங்கினால், மரம் மாதிரி, ஸெத் ஆர்ப்ர். இங்கே தகரம் "சேர்க்கப்படுகிறது" என்று பலர் சொல்லித்தருகிறார்கள், அது சரியல்ல. லத்தீனில் "இதோ" என்ற பொருளுடைய எக்கேயும் இஸ்தே என்ற சுட்டும் சேர்ந்துதான் இந்தச் சொல் வந்தது. (இஸ்தே கேட்பவர் பக்கம் இருப்பதைச் சுட்டும். யாழ்ப்பாணத்தில் "உது" என்பார்களே, ஏறக்குறைய அது.) பழைய பிரெஞ்சில் அது செஸ்த். தகரம் அப்போதே இருந்தது. காலப்போக்கில் மெய்யெழுத்துக்கு முன்னால் அது உதிர்ந்து ஸ ஆனது, உயிருக்கு முன்னால் உதிராமல் நின்றது. தேய்ந்துபோனது ஸ, பழசைக் காப்பாற்றி வைத்திருப்பது ஸெத்.

விளைவைப் பாருங்கள். உடைமையில் பெண்பால் சொல் ஆண்பால் வடிவத்தைக் கடன் வாங்குகிறது. சுட்டில் ஆண்பால் சொல்லுக்கு, பெண்பாலின் அதே ஒலி வந்துவிடுகிறது. எழுத்தில் ஆண்பால் ஸெத்துக்கு ஒரு டி, பெண்பால் ஸெத்துக்கு இரண்டு டியும் ஒரு ஈயும். காதுக்கு இரண்டும் ஒன்றே. நண்பனும் தோழியும் ஒலியில் அமிதான். ஆகவே ஒருவர் தொலைபேசியில் "மோன் அமி வந்தாச்சு" என்று பிரெஞ்சில் சொன்னால், வந்தது ஆணா பெண்ணா என்று தெரியாது. "வந்தவர் மகிழ்ச்சியாக இருக்கிறார்" என்று தொடர்ந்தால்தான் வெளிப்படும்: ஆணுக்குக் கோந்தான், பெண்ணுக்குக் கோந்தாந்த்.

படிப்பவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். மோன் எகோல் என்று பழகியதும் எகோல் ஆண்பால் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. பிறகு "பெரியது" என்று சொல்லும்போது கிரான் என்கிறார்கள். அது தவறு, கிராந்த் என்றுதான் வர வேண்டும். பால் மாறவே இல்லை, முன்னால் நிற்கும் சொல் ஒலிக்காக உடை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். "புதிய" என்பதை நடுவில் செருகினால் உடனே தெரிந்துவிடும்: மா நூவெல் எகோல். உயிர் விலகிவிட்டது, மா திரும்பிவிட்டது. வீடு பெண்பால், மெய்யில் தொடங்குவதால் மா மெஸோன். "பழைய" என்ற ஆன்ஸியென் இடையில் வந்தால் மோன் ஆன்ஸியென் மெஸோன். பெயர்ச்சொல்லின் முதல் எழுத்தை அல்ல, மோனுக்கு அடுத்து உடனே கேட்கும் ஒலியைப் பார்க்க வேண்டும்.

ஹெச் எழுத்தில் தொடங்கும் சொற்களுக்கும் இது பொருந்தும், ஒரு நிபந்தனையோடு. பிரெஞ்சில் ஹெச் ஒலிப்பதே இல்லை. ஆகவே கதையைக் குறிக்கும் இஸ்த்துவார் பெண்பாலானாலும் மோன் இஸ்த்துவார். ஆனால் கோடரியைக் குறிக்கும் ஆஷ் என்ற சொல்லுக்கு மா ஆஷ், வெட்கத்தைக் குறிக்கும் ஓந்த் என்ற சொல்லுக்கு மா ஓந்த். இவை ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தவை. அவற்றின் ஹகரம் ஒருகாலத்தில் உண்மையாகவே ஒலித்தது. ஒலி போய்விட்டது, அது தடுத்து நிறுத்திய முட்டல் மட்டும் இன்னும் அனுமதிக்கப்படுகிறது. எல்லாவற்றுக்கும் பூர்வீகம் காரணமல்ல: வீரன் ஸ எரோ, வீராங்கனையோ மோன் எரோயீன். இந்தப் பட்டியலை அகராதியைப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

உயிரில் தொடங்கும் சொற்களில் பிரெஞ்சுக்காரர்களே தடுமாறுகிறார்கள். "அந்த" என்ற லா, லெ இரண்டும் அங்கே வெறும் லகரமாகச் சுருங்கும், உடைமையில் மோன்தான், சுட்டில் ஸெத்தான். பால் காட்ட மிஞ்சுவது "ஒரு" என்ற சொல்லும் சில பெயரடைகளும்தான். வகை என்ற பொருளுடைய எஸ்பெஸ் பெண்பால், ஆனாலும் பேச்சில் அதற்கு முன்னால் ஆண்பால் "ஒரு"வைப் போடுகிறவர்கள் ஏராளம். கடிகாரம் என்ற ஓர்லோஜ் பால் மாறியே போய்விட்டது. இன்று அது பெண்பால். ரூவான் நகரத்தில் 14-ஆம் நூற்றாண்டு மணிக்கூண்டு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் க்ரோ ஓர்லோஜ், பெரிய கடிகாரம். க்ரோ ஆண்பால் பெயரடை. இன்றைய இலக்கணப்படி க்ரோஸ் என்று இருக்க வேண்டும், ஆனால் அது நிற்கும் தெருவின் பெயர்ப் பலகையிலும் க்ரோதான்.